கொல்லைக் கிணற்றை ஒரே இடத்தில் நிற்க வைத்த கதை

"மாமா, இது வித்தியாசம் கண்டுபிடிக்கிற விளையாட்டா?" என்று அக்கா மகள் கேட்டாள். ஏழு வயது. அவள் கையில் இருந்தது, நான் பெருமையாகப் பிரிண்ட் எடுத்து வந்திருந்த படக்கதைப் புத்தகத்தின் முதல் வடிவம். நான்காம் பக்கத்தில் தாழ்வாரத்துக்கு நான்கு தூண். அடுத்த படத்தில் ஐந்து. அதற்கடுத்ததில் மூன்று. கிணறு ஒரு பக்கத்தில் இடப்புறம், இன்னொரு பக்கத்தில் வலப்புறம். பத்தாம் பக்கத்தில் அதற்குக் குட்டியாக ஒரு ஓட்டுக்கூரையும் முளைத்திருந்தது. மூன்று வாரமாக அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதில் பாதிதான் கண்ணில் பட்டிருந்தது. அவளுக்கு மூன்று நிமிடம் போதுமாக இருந்தது.

கதை எளிமையானது. பாட்டியின் மூக்குக் கண்ணாடி காணாமல் போகிறது, பேத்தி வீடு முழுக்கத் தேடுகிறாள், ஆட்டுக்குட்டி மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது. மொத்தம் 24 பக்கம். தலைப்புப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விட்டால் 11 இரட்டைப் பக்கக் காட்சிகள். அவற்றில் 8 கொல்லையில் நடக்கின்றன, இரண்டு அடுக்களையில், ஒன்று தெருவில். பாட்டியையும் பேத்தியையும் ஆட்டையும் தோழி ஒருத்தி கையாலேயே வாட்டர்கலரில் வரைந்தாள். பின்னணிகளை என் கணினியில், எழுதிக் கொடுப்பதைப் படமாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் என்ற ஏஐ மாடலை வைத்து நான் உருவாக்குவதாக ஏற்பாடு. பாத்திரங்கள் அவள் கையில் இருந்ததால் முகம் மாறும் தொல்லை எனக்கு இல்லை. இடம் மாறும் தொல்லைதான் முழுசாக என் தலையில் விழுந்தது.

முதலில் நான் நம்பியது சீட் எண்ணை. ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒரே வீடு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. சீட் என்பது படம் எந்தப் புள்ளிக் குப்பையிலிருந்து தொடங்குகிறது என்பதை முடிவு செய்யும், அவ்வளவுதான். என்ன படம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வாசகத்தையும் அளவையும் மற்ற அமைப்புகளையும் தொடாமல் விட்டால் அதே படம் திரும்ப வரும். ஆனால் எனக்கு அதே படம் வேண்டாமே, அதே வீட்டின் வேறொரு கோணம் வேண்டும். "காலை" என்ற சொல்லை "மாலை" என்று மாற்றியதும் அதே குப்பையிலிருந்து வேறொரு வீடு எழும்பி வந்தது. நிறம் கொஞ்சம் ஒத்துப்போனதால் முதல் பார்வைக்கு ஒரே வீடு போலத் தெரிந்ததுதான் பெரிய மோசம். வாசகத்தில் "நான்கு தூண்" என்று எழுதியும் பயனில்லை. இந்த மாடல்களுக்கு எண்ணத் தெரியாது. நான்கு என்றால் "சில" என்று எடுத்துக்கொள்ளும்.

சரி, மாடலுக்குள் வீடு என்ற ஒன்றே இல்லை, ஒவ்வொரு படமும் அதற்குப் புது இடம். அப்படியென்றால் வீட்டை நான்தான் கட்டித் தரவேண்டும், அது சுண்ணாம்பு மட்டும் அடிக்கட்டும் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

கதைக்கு என் மனதில் இருந்தது கும்பகோணம் பக்கத்தில் இருந்த தாத்தா வீடு. இப்போது அது இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அவள் சாக்பீஸ் எடுத்து ஹால் தரையிலேயே கொல்லையை வரைந்துவிட்டாள். பின்கட்டுத் தாழ்வாரம், நான்கு மரத்தூண், நடுவில் கதவு, தாழ்வாரத்திலிருந்து பத்தடி தள்ளிக் கிணறு, மூலையில் வேப்பமரம், பக்கவாட்டில் மாட்டுக்கொட்டில். வரைந்து முடித்ததும் என் பழைய பிரிண்டைப் பார்த்துவிட்டு, "இது காலையிலேன்னு சொல்றே. காலையில கொல்லையில ஏதுடா வெயில்? வாசல் கிழக்குப் பார்த்த வீடு" என்றாள்.

அதுவரை நான் யோசிக்கவே இல்லை. வாசல் கிழக்கு என்றால் கொல்லை மேற்கு. காலையில் வீட்டின் நிழல் கொல்லை முழுக்கப் படுத்திருக்கும். மாலையில்தான் வெயில் நேராகத் தாழ்வாரத்துச் சுவரில் அடிக்கும். நான் உருவாக்கிய காலைக் காட்சியில் சுவர் தங்கமாக ஜொலித்தது. குழந்தைக்கு இது தெரியாமல் போகலாம், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வெளிச்சம் வேறு வேறு திசையிலிருந்து வந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் இடம் கலைந்த மாதிரிதான் அதற்கும் தோன்றும்.

அம்மாவின் சாக்பீஸ் படத்தை போனில் எடுத்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் தரையாக விரித்து, அதன் மேல் கொல்லையைக் கட்டினேன். கட்டினேன் என்பது பெரிய வார்த்தை. சுவர் ஒரு பெட்டி, தூண் நான்கு உருளை, கிணறு ஒரு வளையம், துவைக்கிற கல் ஒரு சின்னப் பெட்டி, ஓட்டுக்கூரை சாய்ந்த பலகை. நிறமும் இல்லை, நுணுக்கமும் இல்லை, எல்லாம் சாம்பல். பிளெண்டர் புதிதாகக் கற்பவருக்குக்கூட இரண்டு மாலையில் முடிகிற வேலை. அப்புறம் நான்கு கேமரா வைத்தேன். வேப்பமரத்தடியிலிருந்து வீட்டைப் பார்ப்பது, தாழ்வாரத்திலிருந்து கிணற்றைப் பார்ப்பது, கொட்டில் பக்கமிருந்து குறுக்காக, கடைசியாக ஆட்டின் கண் உயரத்தில் தரையோடு தரையாக. எட்டுக் காட்சிக்கு நான்கு கேமரா போதும். மீதியை வெட்டியும் நெருக்கியும் சமாளிக்கலாம். கேமரா வைக்கும்போதே புத்தகத்தின் நடு மடிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. முதல் வடிவத்தில் கிணறு சரியாக மடிப்பில் விழுந்து, பைண்டிங்குக்குள் பாதி காணாமல் போயிருந்தது.

இந்தச் சாம்பல் வீட்டை மாடலுக்கு எப்படிக் காட்டுவது? கன்ட்ரோல்நெட் என்ற துணை மாடலில் டெப்த் வகை ஒன்று உண்டு. எது கிட்டே, எது தூரம் என்பதைக் கறுப்பு வெள்ளையில் சொல்லும் டெப்த் மேப்பைக் கொடுத்தால், அந்த அமைப்பை மீறாமல் படம் வரைய முயலும். பிளெண்டரின் `Mist` பாஸ் கிட்டத்தட்ட இதே மேப்பைத் தருகிறது. இங்கே ஒரு நாள் முழுக்க எனக்கு வீணானது. அந்தப் பாஸில் கிட்டே இருப்பது கறுப்பு, தூரத்தில் இருப்பது வெள்ளை. கன்ட்ரோல்நெட்டுக்கு வேண்டியது தலைகீழ்: கிட்டே வெள்ளை, தூரம் கறுப்பு. மாற்றாமல் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. படம் வரும், அழகாகக்கூட வரும். என்ன, வானம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவர் எழுந்து நிற்கும், தூண்களெல்லாம் சுவரில் வெட்டிய பிளவுகளாக மாறியிருக்கும். அப்படி ஏதாவது வந்தால் மேப்பை `Invert` செய்தோமா என்று முதலில் பார்க்கவேண்டும். இன்னொன்று, பிளெண்டரின் புதிய பதிப்புகளில் `View Transform` தானாகவே `AgX` என்று இருக்கும். அது கண்ணுக்கு இதமாக நிறத்தை வளைக்கும் வேலையைச் செய்வது. மேப்பில் இருப்பது நிறமில்லை, தூரம். அதனால் அதை `Raw` என்று மாற்றிவிட்டேன்.

மேப்பைச் சரிசெய்த பிறகு தூண் எப்போதும் நான்குதான். ஆனால் கதவு அலைந்துகொண்டே இருந்தது. ஒரு படத்தில் நடுவில், இன்னொன்றில் ஓரத்தில், ஒன்றில் கதவே இல்லை. காரணம் எளிது: என் சாம்பல் வீட்டில் கதவு சுவரோடு சுவராக ஒரே மட்டத்தில் இருந்தது. டெப்த் மேப்புக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், கோடு தெரியாது, நிறம் தெரியாது. கதவை ஒரு சாண் உள்ளே தள்ளினேன், சுற்றி நிலைச்சட்டம் வைத்தேன். அன்றோடு கதவு அசையவில்லை.

வேப்பமரம் எதிர்மாதிரி தொல்லை கொடுத்தது. நான் இலைத்தொகுதிக்குப் பதிலாக ஒரு பெரிய உருண்டை வைத்திருந்தேன். மேப்பை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றவேண்டும் என்று சொல்லும் கன்ட்ரோல்நெட் எடையை 1 என்று வைத்து, படம் புள்ளிக் குப்பையிலிருந்து தெளிந்து வருகிற கடைசிப் படி வரைக்கும் பிடிவிடாமல் வைத்திருந்ததால், மாடல் அந்த உருண்டையை அப்படியே மதித்து, குச்சியில் செருகிய பச்சை பலூன் ஒன்றை வரைந்து தந்தது. எடையை 0.7க்கு இறக்கினேன், 30 படிகளில் ஏறக்குறைய 20ஆம் படியோடு கட்டுப்பாடு நின்றுவிடுகிற மாதிரி அமைத்தேன். படத்தின் அமைப்பு முதல் படிகளிலேயே உட்கார்ந்துவிடும், கடைசிப் படிகளில் இலையும் சுவரின் சொரசொரப்பும் வரும். அங்கே கையை எடுத்துவிட்டால் மரம் மரமாக வருகிறது. உருண்டையையும் உடைத்துச் சின்னச் சின்னக் கட்டிகளாகச் சிதறவிட்டேன். இந்த 0.7 என் படங்களுக்குச் சரிவந்த எண். 0.5க்குக் கீழே போனபோது தூண் மறுபடி எண்ணிக்கை மாறத் தொடங்கியது. அதை வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடித்தேன்.

வாசகத்துக்கு வருவோம். கிணற்றுக்கு ஏன் கூரை முளைத்தது? `well` என்று எழுதினால் மாடலுக்கு நினைவில் வருவது ஐரோப்பியக் கதைப் புத்தகத்துக் கிணறு. சின்னக் கூரை, தொங்கும் மரவாளி, சுற்றிலும் பூச்செடி. `Indian village` என்று சேர்த்தால் கூரை போகாது, கிணற்றங்கரையில் சிவப்புப் புடவையில் ஒரு பெண் கூடுதலாக வந்து நிற்பாள். பொருளின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, அதன் உருவத்தை மட்டும் சொல்ல ஆரம்பித்தபோது இது தீர்ந்தது. கடைசியில் எட்டுக் காட்சிக்கும் மாறாமல் வைத்துக்கொண்ட வாசகம் இதுதான்:

```
watercolor on rough paper, low round cement wall,
two stone posts with iron pulley, lime-washed wall,
four dark wooden pillars, red oxide floor,
faded blue door, clay tile roof, overcast light
```

விலக்கவேண்டியவை தனிப் பெட்டியில்:

```
person, animal, roof over well, bucket,
sunset, sun rays, lamp, flowers
```

`no people` என்று மேல் பெட்டியில் எழுதக்கூடாது என்பதும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். "இல்லை" அதற்குக் காதில் விழாது, `people` மட்டும் விழும்.

வண்ணப் பாணிக்கு, முதலில் பிடித்துப்போன ஒரு படத்தையே ஐபி-அடாப்டர் என்ற இன்னொரு துணை மாடல் வழியாக மற்ற எல்லாவற்றுக்கும் மாதிரியாகக் கொடுத்தேன். அது தூரிகைத் தடத்தையும் நிறத்தையும் கொண்டுவந்தது, கூடவே மாதிரிப் படத்திலிருந்த நீலக் கதவையும் கொண்டுவந்தது. மாட்டுக்கொட்டிலுக்கு நீலக் கதவு! அதன் எடையைப் பாதியாகக் குறைத்து, கதவு இல்லாத வெறும் சுவரும் தரையும் மட்டும் தெரியும்படி மாதிரிப் படத்தை வெட்டிக் கொடுத்த பிறகு ஒழுங்குக்கு வந்தது.

வாசகத்தில் `overcast light` என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கதையில் காலை, உச்சி வெயில், மாலை, இரவு எல்லாம் வருகிறது. ஆனாலும் எட்டுப் பின்னணியையும் மப்பும் மந்தாரமுமான வெளிச்சத்திலேயே உருவாக்கினேன். `evening` என்று ஒரு சொல் போட்டால் வானம் மட்டும் மாறாது. சுவர் ஆரஞ்சாகும், ஜன்னலில் விளக்கு எரியும், அடியில் இன்னும் எதையாவது சேர்த்துவிடும். அதனால் நேரத்தை மாடலிடம் கேட்காமல் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் நானே பூசினேன்.

14, 15ஆம் பக்கத்து மாலைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்தடிக் கேமரா, கிழக்கே பார்க்கிறது. பிளெண்டரில் மேற்கே, தரையிலிருந்து இருபது டிகிரி உயரத்தில் ஒரு சூரிய விளக்கு வைத்தேன். எல்லாப் பொருளையும் வெள்ளையாக்கி, அதே கேமராவில் ஒரு ரெண்டர் எடுத்தேன். வெள்ளைச் சுவரில் நான்கு தூணின் நிழலும் வேம்பின் நிழலும் மட்டும் விழுந்த ஒரு படம் கிடைத்தது. அதைக் கிரிட்டாவில் பின்னணியின் மேல் `Multiply` அடுக்காக வைத்து, 45 சதவீதம் அளவுக்கு மங்கலாக்கி, நிழலின் சாம்பலைக் கொஞ்சம் ஊதாப் பக்கம் திருப்பினேன். அதற்கு மேல் இளம் மஞ்சளில் இன்னொரு `Multiply`. அவ்வளவுதான், மாலை வந்துவிட்டது, சுவரில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. அதே பின்னணியை 6, 7ஆம் பக்கத்துக் காலைக்கு எடுத்தபோது விளக்கைக் கிழக்கே நகர்த்தினேன், வீட்டின் நிழல் கிணறு வரைக்கும் வந்து படுத்தது. அம்மாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, அதாவது சரி என்று அர்த்தம். இரவுக்குக் கருநீலத்தில் ஓர் அடுக்கு போட்டு, அரிக்கேன் விளக்கு இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் மெல்லிய தூரிகையால் அழித்தேன்.

கோலத்தை மட்டும் மாடலிடம் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கோலம் போலத்தான் இருந்தது. கிட்டே போனால் கோடு புள்ளியைச் சுற்றாமல் நடுவில் முறிந்துபோய், நாலு மூலையும் நாலு விதமாக இருந்தது. அம்மாவை ஏழு புள்ளி வைத்து ஒரு கோலம் காகிதத்தில் போடச் சொல்லி, ஸ்கேன் செய்து, தரைச் சாய்வுக்கு ஏற்ப வளைத்துத் தனி அடுக்காக வைத்தேன். கொடியில் காயும் துணி, சாய்த்து வைத்த சைக்கிள், குடம் எல்லாமே இப்படித் தனித்தனி அடுக்குதான். கதையில் நகர்கிற எதுவும் பின்னணியோடு ஒட்டியிருக்கக்கூடாது. எந்தப் பக்கத்தில் எது எங்கே என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிவைத்தேன், சினிமாவில் கன்டினியூட்டி பார்ப்பவர் எழுதுகிற மாதிரி.

கிணற்றுச் சுவரில் ஒரு விரிசலைத் திருத்துவது போன்ற சின்ன வேலைகளுக்கு அந்த இடத்தை மட்டும் மறைத்து மறுபடி வரைய வைக்கலாம். அதில் ஒரு எச்சரிக்கை. மாடலை இயக்க நான் பயன்படுத்துகிற காம்ஃபியூஐ மென்பொருளில், மறைக்காத பகுதியும் ஒரு முறை சுருங்கி விரிந்துதான் வெளியே வருகிறது. ஒரு தடவைக்குத் தெரியாது. அதே படத்தில் ஐந்தாறு தடவை திருத்திய பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால், காகிதச் சொரசொரப்பு வழுவழுப்பாகியிருக்கும். திருத்திய துண்டை மட்டும் வெட்டி மூலப் படத்தின் மேல் ஒட்டுவதே பாதுகாப்பு.

கடைசியாக அச்சு அளவு. புத்தகம் எட்டரை அங்குலச் சதுரம். ஓரத்தில் வெட்டுக்கு விடும் எட்டில் ஒரு அங்குலத்தையும் சேர்த்தால், இரட்டைப் பக்கம் 300 டிபிஐயில் 5175 x 2625 பிக்சல். நான் உருவாக்கியது 1408 x 704. நான்கு மடங்கு பெரிதாக்கி ஓரம் வெட்டினால் சரியாக வரும். பெரிதாக்கும்போது படத்தைத் துண்டு துண்டாக எடுத்து மறுபடி வரைகிற முறை ஒன்று இருக்கிறது. முழு வாசகத்தையும் அப்படியே அதற்குக் கொடுத்துவிட்டு நான் தூங்கப்போய்விட்டேன். காலையில் பார்த்தால் ஓட்டுக்கூரை மேல் ஒரு குட்டிக் கிணறு. வேப்பமரத்துக்குள் ஒன்று. வானத்தில் ஒன்று. ஒவ்வொரு துண்டுக்கும் "வட்டச் சிமெண்டுச் சுவர்" வேண்டும் என்று நான்தானே கேட்டிருந்தேன். இந்தக் கட்டத்தில் `watercolor on rough paper` மட்டும் போதும். மாற்றத்தின் அளவைக் குறிக்கும் டீனாய்ஸையும் 0.2க்கு மேல் ஏற்றவில்லை. 0.35 வைத்தபோது சுண்ணாம்புச் சுவரின் கறைகளெல்லாம் சின்ன ஜன்னல்களாக மாறின.

சரிபார்க்க, 11 காட்சியையும் சின்னதாக ஒரே ஏ4 தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தெரியாதது அதில் பளிச்சென்று தெரியும். சுவரின் நிறம் அப்படித்தான் மாட்டியது. முதல் காட்சியில் கதவுக்கு வலப்பக்கம் சுவர் `#E8DCC2`, ஐந்தாம் காட்சியில் அதே இடம் `#EFD0A0`, அதாவது வேறு பெயிண்ட் அடித்த மாதிரி. ஒளி அடுக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, அந்த ஒரு இடத்தை அது தெரிகிற எல்லாப் படத்திலும் தொட்டுப் பார்த்து, முதல் படத்தோடு ஒத்துவரும்படி நிறத்தைத் திருத்தினேன்.

தெருக் காட்சிக்கு இந்தப் பாடு எதுவும் படவில்லை. அது ஒரே ஒரு முறை வருகிறது, பிடித்த படம் வந்ததும் எடுத்துக்கொண்டேன். அடுக்களை இரண்டு முறை வருகிறது, ஒரே பின்னணியை இரண்டு விதமாக வெட்டிப் போட்டேன். மூன்று முறைக்கு மேல் திரும்பி வருகிற இடத்துக்குத்தான் சாம்பல் வீடு கட்டுவேன்.

அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்ததும் அக்கா மகள் தூண்களை எண்ணிவிட்டு, "நாலு, நாலு, நாலு" என்று சலித்துப்போய் வைத்துவிட்டாள். அம்மாதான் நிதானமாகப் புரட்டி, "துவைக்கிற கல்லு கிணத்துக்கு இந்தப் பக்கம்டா, வேம்பு பக்கம் இல்லே. நான்தான் அன்னைக்கு மாத்திப் போட்டுட்டேன் போல" என்றாள். பிளெண்டரில் அந்தச் சின்னப் பெட்டியை ஆறடி நகர்த்தினேன். நான்கு கேமராவுக்கும் புது மேப், நிழல் ரெண்டர்களும் புதிது. பழைய கல் இருந்த இடத்தையும் புதிய இடத்தையும் மட்டும் மறைத்து மறுபடி வரைந்து, துண்டு வெட்டி ஒட்டினேன். எட்டுக் காட்சிக்கும் சேர்த்து ஒன்றரை நாள் ஆயிற்று.